அறுபது டிகிரி

நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில், ஊசலை ஆட்டாமலேயே புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பதில் காளியண்ணனை மிஞ்ச ஆளில்லை. விடை சென்டிமீட்டர் கணக்கில் 980 என்று யாருக்குத்தான் தெரியாது? அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் ஆடிய நேரங்களை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

அன்றைக்குத் தண்டாயுதபாணி சார், "ஊசல அறுபது டிகிரிக்கு இழுத்து உடுங்க" என்றார். காளியண்ணன் நூலைத் தொடவேயில்லை. முதல் ஆளாக 979.6 என்று எழுதி நீட்டினான். பக்கத்து மேஜை மாரக்காள் மூன்று முறை ஆட்டியும் 860-ஐத் தாண்டாமல் அழுகிற நிலையில் இருந்தாள். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சார் அவன் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "இதைச் சத்தமாப் படி சாமி."

"கோணம் தீட்டா பூஜ்யத்தை நெருங்கும்போது, சைன் தீட்டாவைத் தீட்டாவால் வகுத்த விகிதம் ஒன்றை நெருங்கும். ஆகவே சிறிய கோணத்துக்கு மட்டும் சைன் தீட்டாவுக்குப் பதில் தீட்டா என்று போடலாம். அப்போதுதான் இந்தச் சூத்திரம் பொருந்தும்."

"அறுபது டிகிரிக்கு அந்த விகிதம் எத்தனை?"

கணித அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டான். "0.83ங்க."

"அப்ப ஊசல் மெதுவாத்தான் ஆடும். இந்தச் சூத்திரத்துல போட்டா மாரக்காளுக்கு வந்ததுதான் வரும். உனக்கு எப்படி 979.6 வந்துச்சு?"

காளியண்ணன் தலையைச் சொறிந்தான். "நான் ரொம்பச் சின்னக் கோணத்துல ஆட்டுனனுங்க சார்."

"எத்தனை டிகிரி?"

"பூஜ்யமுங்க."