பட்டாணிக்குக் காது கேட்காது

எதைப் பற்றி எழுதச் சொன்னாலும் கொஞ்சம் பவுடர் போட்டு எழுதுவது என் கெட்ட பழக்கம். வாரநாட்களில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. வாரக்கடைசியில் எர்ணாவூரில் ஆலிஸ் அக்கா நடத்தும் விலங்குகள் காப்பகம். அங்கே இருக்கும் நாய் பூனைகளைத் தத்துக் கொடுக்க இன்ஸ்டாகிராமில் போடும் பதிவுகளை நான்தான் எழுதுவேன்.

பட்டாணி என்ற நாயைப் பற்றி முதல் தடவை இப்படி எழுதினேன்: ‘அமைதியின் மறுபெயர். யார் வந்தாலும் அலட்டிக்கொள்ள மாட்டான்.’ கொண்டுபோனவர்கள் ஐந்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவன் அலட்டிக்கொள்ளாததற்குக் காரணம், பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. இரண்டாவது தடவை ‘தனித்துவமானவன்’ என்று எழுதினேன். அந்த வீட்டில் இரண்டு வாரம். தூங்கிக்கொண்டிருந்தவனைக் குழந்தை தொட்டிருக்கிறது, அவன் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டியிருக்கிறான். அவ்வளவுதான், ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். ஆலிஸ் அக்கா ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், சுலபத்தில் கலங்க மாட்டாள். அன்றைக்குக் கலங்கிப் போயிருந்தாள். இன்னொரு தடவை அவன் திரும்பி வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன், கடைசி வரை இந்தக் கூண்டுதான் அவனுக்கு என்றாள். ஆறடிக்கு நாலடிக் கூண்டு. அதற்குக் காரணம் நான். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அடுத்த முகாமுக்கு இப்படி எழுதினேன்:

‘தத்து முகாம், இந்தச் சனி, ஞாயிறு.

சொக்கி: நாட்டு நாய், மூன்று வயது. குழந்தைகளிடம் தங்கம். உங்கள் செருப்பு தப்பாது.

குல்பி: பூனை, ஒரு கண் இல்லை. தூக்கினால் பிறாண்டுவாள். மடிக்குத் தானாக வருவாள், அவள் நினைத்தால்.

பட்டாணி: நாட்டு நாய், வெள்ளை, நாலு வயது. சுத்தமாகக் காது கேட்காது. கூப்பிட்டால் வர மாட்டான், தரையை இரண்டு தடவை தட்டினால் வருவான். தூக்கத்தில் தொட்டால் பயந்து பல்லைக் காட்டுவான். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது. இரண்டு வீட்டிலிருந்து திரும்பி வந்தவன். தப்பு அவன்மேல் இல்லை, இதையெல்லாம் முன்பே எழுதாத என்மேல்.

மூவருக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டது. எடுப்பவருக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் கடிதம். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். மாடியில் கட்டிப்போடக் கூடாது. முடியவில்லை என்றால் எங்களிடமே கொண்டுவாருங்கள், தெருவில் விடாதீர்கள். வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் தருவோம், அன்றே தர மாட்டோம்.

பார்க்கும் நேரம்: காலை 10 முதல் 1, மாலை 3 முதல் 5. நடுவில் சாப்பாடு, தூக்கம். கதவு திறக்காது.’

ஆலிஸ் அக்கா இரண்டு தரம் படித்தாள். “இப்பதான் ஒயுங்கா எய்திகீற” என்றாள்.

இது விளம்பரமா, போலீஸ் புகாரா என்று ஒருவன் கீழே கேட்டிருந்தான். அந்தக் கிண்டலுக்காகவே ஊரெல்லாம் பகிர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஒன்பதரைக்கே வாசலில் கூட்டம். மணலி புதுநகர், திருவொற்றியூர், வள்ளூரிலிருந்துகூட வந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மதியத்துக்குள் சொக்கிக்கு நாலு விண்ணப்பம். குல்பியிடம் கையில் கீறல் வாங்கிய பிறகும் ஒரு டீச்சர் படிவம் கேட்டார். பட்டாணியை எல்லோரும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், போய்விட்டார்கள்.

ஞாயிறு ஒன்றே காலுக்கு ஒருவர் வந்தார். பெயர் ஹென்றி, ராயபுரத்தில் சர்ச் பேண்டுக்காரர். பெரிய டிரம் வாசிப்பவர். காது கேட்காத நாயைப் பார்க்க வேண்டும் என்றார். நான் சாவியை எடுக்கப் போனேன், ஆலிஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணி என்றால் மூன்று மணி. மனுஷன் ஒரு டீயைக் குடித்துவிட்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். போய்விடுவாரோ என்று பத்து தடவையாவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பேன்.

மூன்றுக்கு உள்ளே வந்தவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குனிந்து தரையை இரண்டு தட்டு தட்டினார். மூலையில் படுத்திருந்த பட்டாணி எழுந்து நேராக அவரிடம் வந்து கையை முகர்ந்தான். பதிவை வரி வரியாகப் படித்திருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். ‘இதற்கு முன் வளர்த்த பிராணி என்ன ஆனது?’ என்ற கேள்விக்கு மட்டும் நிறைய எழுதிக்கொண்டே போனார். எட்டிப் பார்த்தேன். ‘ரோஸி, ஏழு வருஷம். வீட்டில் டிரம் வாசித்தேன். பயந்து வெளியே ஓடினாள். கதவைத் திறந்து வைத்தது நான். கன்டெய்னர் லாரி.’

அக்கா இதைப் படித்தால் முடிந்தது கதை. சுற்றிப் பார்த்துவிட்டு அவர் காதருகில் குனிந்து, அதை அடித்துவிட்டு வயசாகிச் செத்தது என்று எழுதுங்கள் என்றேன். ஆமாம், திருந்தியவள்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். “நீ நாயப் பத்தி உண்மைய எய்திகினதாலதாம்மா நான் இங்க வந்தேன். என்னப் பத்தி நான் பொய் எய்தினா, அத்த நம்பி இது வரும்ல?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆலிஸ் அக்கா படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு, வாசல் நேராகத் தெருவில் திறக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டாணியோடு வருவதாகவும், வீட்டில் இருக்கும் எல்லோரும் இருக்க வேண்டும் என்றும் மட்டும் சொல்லி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கு மட்டும் மன்னிப்பு உண்டு. ராயபுரத்தில் சின்னச் சந்து, ஒற்றை அறை வீடு. வாசலில் இடுப்பளவுக்குப் புது அரைக்கதவு, உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஹென்றியின் மனைவி ஜூடி எங்களுக்கு நாற்காலி போட்டாள், சிரிக்கவில்லை. ரோஸி செத்ததிலிருந்து இந்த வீட்டில் டிரம் சத்தம் கேட்டதில்லை என்றாள். சர்ச்சில் வாசிப்பதோடு சரி. இங்கே கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றிக் கிடக்கிறது. நாய் வேண்டுமா என்று அக்கா அவளை நேராகவே கேட்டாள்.

ஜூடி குனிந்து டிரம்மை இழுத்தாள். போர்வையை உருவிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

“அட்ச்சிக் காட்டு. இது ஓடலன்னா இங்கயே இர்க்கட்டும்.”

ஹென்றி அரைக்கதவைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். டிரம்மில் மெதுவாக ஒரு அடி. தரை அதிர்ந்தது எனக்கே காலில் தெரிந்தது. படுத்திருந்த பட்டாணி சட்டென்று தலையைத் தூக்கினான், எழுந்தான். அவன் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேராக டிரம்மிடம் போனான், அதன்மேல் விலாவைச் சாய்த்து நின்றான், வாலை ஆட்டினான்.

ஹென்றி அடுத்த அடியை அடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். ஆலிஸ் அக்கா என் பையிலிருந்து பேனாவை எடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜூடி தரையில் உட்கார்ந்து, இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவன் திரும்பிப் பார்த்த பிறகே கழுத்தில் கை வைத்தாள்.

“நிறுத்தாத, அடி” என்றாள். “அதுக்குப் புட்ச்சிருக்குது.”