எந்த முகம் வெளியே

எங்கள் கம்பெனி கட்டடங்களை லாரியில் அனுப்பும். தூண், உத்தரம், சட்டம், போல்ட் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே வெட்டி, துளையிட்டு, பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறியெண் போட்டுவிடுவார்கள். சைட்டில் டிராயிங்கைப் பார்த்து இந்த எண்ணை அந்த எண்ணோடு சேர்த்து முடுக்கினால் கிடங்கு எழுந்து நிற்கும். டிராயிங் சரியாக இருந்தால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். தொழிலின் பெருமையே அதுதான் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்காத இடத்தில் ஒருவன் ஐந்து மாதம் எப்படி இருப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ஒருவன் நான். பதவி சைட் இன்ஜினியர். பொட்டல் வெளியில் ஒரு கன்டெய்னர். பாதி ஆபீஸ், பாதி வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஹெல்மெட் போட்டிருப்பேன், அந்தப் பக்கம் லுங்கி. இரும்பைத் தூக்கி நிறுத்திப் பூட்டுகிற குழு பதினான்கு பேர். அவர்கள் பேசும் மொழியில் எனக்கு எண்கள் மட்டும் தெரியும், அதுவும் இருபது வரைக்கும். அவர்களின் மேஸ்திரிக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்கமாட்டார்.

வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, "சாப்டியா? சரி. குளிச்சியா? சரி. வெச்சிடவா?" என்பாள். அக்கா, "இருடா, ஒரு நிமிஷம் லைன்லயே இரு" என்று போனவள் பதினோரு நிமிடம் கழித்து வந்து, "யாரு?" என்பாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் ஓட்டை பொருந்தவில்லை.

நாலாவது தூணில். சுவரைத் தாங்கப் படுக்கைவாட்டில் ஓடும் சட்டத்துக்கு கர்ட் என்று பெயர். தூணில் அதற்கென்று பற்றவைத்து வந்த தகட்டின் ஓட்டையும் கர்ட்டின் ஓட்டையும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கம்பெனி விதிப்படி கேள்விப் பதிவேட்டில் எண் ஒன்று போட்டு எழுதி, தலைமை ஆபீசின் டிராயிங் பிரிவுக்குப் போன் செய்தேன். இந்தக் கட்டடத்தை வரைந்தவரே எடுத்தார். ஒரு பெண்.

"எவ்ளோ தள்ளியிருக்கு சார்?"

"இருபது மில்லி."

தாள் புரளும் சத்தம். "இருபதேதான். என் தப்பு சார். அந்தக் கர்ட்ட விட்டுட்டு அடுத்த தூணுக்குப் போங்க, சரியான பீஸ் அனுப்பச் சொல்றேன்." பிறகு, "சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்ட்டுட்டு இன்னொரு தடவ அளந்துடுங்க. பசியில டேப் நீளும்."

கன்டெய்னருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அவசியமே இல்லாமல் மறுபடி அளந்தேன். இருபதுதான். அதைச் சொல்ல மீண்டும் போன் செய்தேன். "டேப் ஒழுங்கா இருக்கு போல" என்றார். அம்மாவும் தினமும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறாள். ஆனால் பதிலுக்காக நிற்பதில்லை.

அடுத்த வாரம் இன்னொரு தவறு கிடைத்தது, அதற்கடுத்து மூன்றாவது. அத்தோடு நின்றுவிட்டது. அவர் நன்றாக வரைகிறவர். எனக்குத்தான் அதிர்ஷ்டம் போதவில்லை.

நாலாவது கேள்வியை நானே தயாரித்தேன்.

உத்தரத்தின் கீழ் விளிம்பு பக்கவாட்டில் நெளியாமல் இருக்க, கூரைச் சட்டத்திலிருந்து சாய்வாக ஒரு சிறு கோணக்கம்பி இறங்கும். அது ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? தாள் ஐந்தில் தெளிவாக இருந்தது. தாள் ஐந்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"ரெண்டு பக்கமும் சார். கடைசி உத்தரத்துல மட்டும் ஒரு பக்கம். அந்தாண்ட சட்டம் இல்லையே, எதுல மாட்டுவீங்க?"

"ஆமா, அந்தாண்ட ஒண்ணுமே இல்ல. வெறும் பொட்டல்."

"அங்க மரம்கூட இல்லியா?"

"ஒரு கம்பம் இருக்கு. அதுல ஒரு காக்கா."

"அப்ப கம்பெனிக்கு ஆள் இருக்கு."

இப்படித்தான் போயிற்று. பதிவேட்டில் எண் போட்டு எழுதாமல் அவர் போனில் பதில் சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எண் போட்டேன், சினிமா டிக்கெட் கிழிப்பதைப் போல. அவர் என்னை 'சைட் சார்' என்றார், நான் அவரை 'டிராயிங் மேடம்' என்றேன். பெயர் தாளின் மூலையிலேயே அச்சாகியிருந்தது. எனக்கு அதைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

எலும்புக்கூடு முடிந்து கூரையும் போட்டாயிற்று. சுவர்ப் பானல்கள் வந்து இறங்கின. இரண்டு மெல்லிய இரும்புத் தகடு, நடுவில் ஐம்பது மில்லி நுரை. ஒன்றின் நாக்கு அடுத்ததின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். முதல் பானல் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காவிட்டால், அந்தக் கோணல் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போய்க் கடைசி மூலையில் சந்தி சிரிக்கும். இருபத்தியோராவது கேள்வி:

"மேடம், பானல்ல எந்த முகம் வெளியே?"

"சார், மெல்லிசா வரி வரியா ஓடுற முகம் வெளியே. வழவழன்னு இருக்கிறது உள்ளே. பிலிம் ஒட்டியிருந்தாலும் தடவிப் பாத்தா தெரியுமே."

"தடவிப் பாத்துட்டேன். கன்ஃபார்ம் பண்ணிக்கத்தான்."

"தாள் பன்னெண்டுல நோட்டு போட்டிருக்கேனே. சின்னதா இருக்கா?" குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சிரிப்பு வரவில்லை. வேலை அதிகம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மாலையே தாள் பன்னிரண்டு திருத்தப்பட்டு வந்தது. அதே நோட்டு, இரண்டு மடங்கு எழுத்தில்.

சுவர் வளர வளரக் கட்டடத்துக்குள் காற்றின் இரைச்சல் செத்துப்போயிற்று. நான்கு பக்கமும் இரும்பு சூழ்ந்ததும் போன் சிக்னலும் போயிற்று. கேள்வி கேட்க வெளியே கம்பத்தடிக்கு ஓட வேண்டியிருந்தது. ஓடினேன். பதிவேட்டில் எண் இருபத்தேழு ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை புராஜெக்ட் மேனேஜர் காரில் வந்தார். பானல் இடுக்குகளில் நகத்தை விட்டுப் பார்த்தார். திருப்தி. கன்டெய்னரில் உட்கார்ந்து பதிவேட்டைத் தட்டினார்.

"உன் கண்ணு நல்ல கண்ணுப்பா. மத்த சைட்ல ஒரு பில்டிங்குக்கு அஞ்சு, மிஞ்சினா ஆறு கேள்வி வரும். நீ இருபத்தேழு புடிச்சிருக்க."

"அதெல்லாம் சின்னச் சின்ன..."

"சின்னதோ பெருசோ, ஒவ்வொண்ணும் டிராயிங் தப்புன்னுதான் கணக்கு. அந்தப் பொண்ணு நல்லா வரையுதுன்னு நெனச்சோம். ரெண்டு மாசமா இந்த பில்டிங் தாளையே திரும்பத் திரும்பத் திருத்திட்டிருக்கு. வெள்ளிக்கிழமை மீட்டிங். அதோட அனுப்பிடுவோம். நீ கவலப்படாத, அடுத்த சைட்டுக்கு உனக்கு நல்ல ஆளாப் போடறேன்."

தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஹெல்மெட்டோடு திரையின் அந்தப் பக்கம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து மதியம் வரை எல்லாத் தாள்களையும் தரையில் விரித்து, பதிவேட்டின் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சிவப்பு மையில் எழுதினேன். கேள்வி நான்கு: விடை தாள் ஐந்தில், முதல் பதிப்பிலேயே உள்ளது. கேள்வி ஒன்பது: விடை தாள் ஏழில், வலது மூலை. கேள்வி இருபத்தொன்று: விடை தாள் பன்னிரண்டில் இருந்தது, கேட்டவருக்கும் தெரியும். இருபத்துநான்கு வரிகள். இத்தனை அக்கறையாக நான் யாருக்கும் எதுவும் எழுதியதில்லை. எழுதும்போதுதான் அவருடைய தாள்களை முழுதாகப் படித்தேன். நான் கேட்ட எல்லாவற்றுக்கும், கேட்காத பலவற்றுக்கும், அவர் முன்கூட்டியே பதில் போட்டிருந்தார். படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினேன்.

அரை மணியில் கூப்பிட்டார்.

"என்னப்பா இது? உனக்கு டிராயிங் படிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்ப எதுக்குக் கேட்ட?"

"கன்ஃபார்ம் பண்ணிக்க."

"இருபத்துநாலு தடவையா?"

"ஆமா சார்."

தண்டனையை வரிசையாகச் சொன்னார். அடுத்த மாதம் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று நாள் டிராயிங் படிக்கும் பயிற்சி. ஒரு எச்சரிக்கைக் கடிதம். இனி போனில் கேள்வி கிடையாது, படிவத்தில் மட்டும். "உன்னப் போயி கவனமான பையன்னு மீட்டிங்ல சொல்ல இருந்தேன்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை டிராயிங் மேடமே போன் செய்தார். முதன்முறையாக அவர் என்னை அழைத்தார். கம்பத்தடியில் நின்றிருந்தேன்.

"சார், மீட்டிங் முடிஞ்சுது. நான் இருக்கேன்."

"சந்தோஷம் மேடம்."

"நீங்க எழுதினத எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. எல்லாம் தாள்ல இருக்குன்னு தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா ராத்திரி எழுந்து தாளப் பாத்துட்டிருந்தேன் சார். எங்க புரியாம வரையறேன்னு. எழுத்து பெருசு பண்ணேன். அம்புக்குறி மாத்தினேன். எங்கப்பாகிட்ட காட்டி, உங்களுக்குப் புரியுதான்னு கேட்டேன். அவரு பஸ் டிரைவர். அவருக்கே புரிஞ்சுது."

நான் சொல்ல இரண்டு மூன்று வாக்கியங்கள் வைத்திருந்தேன். எதுவும் அவருடைய அப்பாவுக்கு முன்னால் நிற்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம்."

"நீங்க வேற ஏதாவது சொல்லியே போன் பண்ணியிருக்கலாம்" என்றார். "காக்காயப் பத்தி சொல்லியிருந்தாக்கூட எடுத்திருப்பேன்." பிறகு, "வெக்கிறேன் சார்."

திங்கட்கிழமை, ஷட்டர் கதவு வரும் பக்கத்துக்குச் சுவர் போய்ச் சேர்ந்தது. கதவுக்கு மேல் வரும் பானல்களை அளவாக வெட்ட வேண்டும். மேஸ்திரி தாள் ஒன்பதையும் தாள் பதினொன்றையும் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் பிடித்தார். ஒன்பதில் கதவின் உயரம் நாலாயிரத்து ஐந்நூறு. பதினொன்றில் நாலாயிரத்து எண்ணூறு.

மூன்று முறை பார்த்தேன். சந்தேகமேயில்லை. நல்ல, பெரிய, முந்நூறு மில்லி தவறு. திரும்பத் திரும்பத் திருத்தியபோது நுழைந்திருக்க வேண்டும். பதினொன்று திருத்திய பதிப்பு, ஒன்பது பழையது.

"கேளுங்க" என்றார் மேஸ்திரி.

படிவத்தை எடுத்தேன். எண் இருபத்தெட்டு என்று போட்டேன். பேனாவை மூடினேன். வெட்டிய பானலை ஒட்ட முடியாது. ஆனால் கதவுச் சட்டத்தின் இரும்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. ஏணியை எடுத்துப்போய்ச் சாத்தி, மேலே ஏறி, குறுக்குச் சட்டத்தின் அடியிலிருந்து தரைக்கு டேப்பை இறக்கினேன். மேஸ்திரி கீழே பிடித்துக்கொண்டார். நாலாயிரத்து ஐந்நூறு. இறங்கி, ஷட்டர் வந்திருந்த பெட்டியின் சீட்டைப் படித்தேன். நாலாயிரத்து ஐந்நூறு. மறுபடி ஏறி அளந்தேன். காலையில் சாப்பிட்டிருக்கவில்லை.

தாள் பதினொன்றில் எட்டை அடித்து ஐந்தாக்கி, என் கையெழுத்தைப் போட்டேன். படிவத்தைக் கிழித்தேன்.

மேஸ்திரி என்னையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைய நாலு வார்த்தையைத் தாண்டினார்.

"மேடத்துக்குப் போன் போட்டுக் கேக்கலியா?"

"தேவையில்ல."

"உண்மையாவே தப்பு இருக்கே."

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"அப்ப வெட்டலாமா?"

"வெட்டலாம்."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ரம்பம் தகட்டில் இறங்கியது. நுரைத்தூள் மஞ்சளாகப் பறந்து எல்லோர் தலையிலும் படிந்தது. குழு தங்கள் மொழியில் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தது. எண் எதுவும் அதில் இல்லாததால் எனக்குப் புரியவில்லை.