வண்டிக்கு அடியில் இருக்க வேண்டிய தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது. ஆனால் ஓட்டல் மேனேஜர் உதயா மேடத்திடம் மட்டும் அன்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தப்பு என் டாக்சியில். முன்சீட்டில் வந்த விருந்தாளியின் காலில், வளைவு வந்தபோதெல்லாம் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டியிருக்கிறது. புது ஷூ வேறு. மனுஷர் இறங்கியதும் நேராகப் புகார் சொல்லிவிட்டார்.

“சனிக்கிழமை காலையில நானே உட்கார்ந்து பார்ப்பேன், அலமு. அப்பவும் ஈரமா இருந்தா வண்டிய லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவேன்.”

அந்த ஓட்டல் சவாரிதான் என் வீட்டில் உலை கொதிப்பதற்கே காரணம். அன்று வியாழக்கிழமை.

மெக்கானிக் சிவபிரகாஷிடம் ஓடினேன். கார்ப்பெட்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான், அவ்வளவுதான்.

“கூலிங் காயில் ஓட்டை, அக்கா. டாஷ்போர்ட முழுசா இறக்கணும். காயில் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வரணும். பதினஞ்சு நாள் ஆகும்.”

“காயில் ஓட்டையானா கேஸ்தானே போகும்? ஏசி ஜில்லுனு வருதே தம்பி?”

“நீங்க மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளில் என் இடத்தில் வேறு வண்டி நிற்கும். ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்கு வந்து, சவாரிக்காக டாக்சி வரிசையில் நின்றேன்.

கப்பல் தாமதம். வெயிலுக்குப் பயந்து எல்லாரும் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வழியாக வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற டிரைவர் பாலகுமாரின் வண்டி நகர்ந்ததும், அது நின்ற இடத்தில் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதற்கு முன்னால் நின்ற வண்டியின் இடத்திலும் அப்படியே. நானும் நகர்ந்தேன். இறங்கிப் போய் என் இடத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

பாலகுமாருக்கு வாய் சும்மா இருக்குமா?

“என்ன அக்கா தேடுறீங்க? உங்க வண்டி உள்ளேயே குளிச்சிக்குதாமே.”

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அவன் சொன்னதுதான் விஷயம். இந்தத் தீவுக் காற்றில் பாதி தண்ணீர். அது குளிர்ந்த காயிலில் பட்டு, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். என் வண்டியில் அது வெளியே வர வழியில்லாமல் உள்ளே வழிகிறது. குழாய் அடைத்திருக்கிறது.

அவனுடையதும் என்னுடையதும் ஒரே மாடல். அவன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இடது பக்கம், முன்சக்கரத்துக்குப் பின்னால், சுண்டுவிரல் தடிமனில் ரப்பர் குழாய் தொங்கியது. என் வண்டியில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி மட்டும் இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க, மூன்று வாரத்துக்கு முன் அடியில் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்தேன். இங்கே எல்லாரும் அடிப்பதுதான். அடித்தவன் சிவபிரகாஷ். “ஒரு இன்ச் விடல அக்கா, பக்கா வேலை” என்று பெருமை வேறு பேசினான்.

கப்பலும் வேண்டாம், சவாரியும் வேண்டாம் என்று வண்டியை சிவபிரகாஷின் பட்டறைக்குத் திருப்பினேன்.

“தம்பி, வண்டிய மேல ஏத்து. டார்ச்சும் பிளேடும் எடுத்துக்கிட்டு வா.”

“எதுக்கு அக்கா?”

“உன் பக்கா வேலையப் பார்க்கத்தான்.”

லிஃப்டில் வண்டி மேலே போனது. அடியில் நின்று கட்டியைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே குழாயின் நுனியில் படிந்திருந்த பூச்சை பிளேடால் வெட்டினான். சர்ரென்று தண்ணீர் அவன் முகத்திலும் சட்டையிலும் கொட்டியது. அப்படிக் கண் சிமிட்டாமல் நின்ற சிவபிரகாஷை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“டாஷ்போர்ட இறக்கலாமா, தம்பி?”

“போதும் அக்கா” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பூச்சு அடிக்கும்போது குழாய் வாய டேப் போட்டு மூடியிருக்கணும். மறந்துட்டேன். நீங்க வந்து கேட்டப்பவாவது நல்லா பார்த்திருக்கணும்.”

அவனே சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினான். மேலே கைக்கு ஈரம் மட்டும்தான் தெரிந்தது. அடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிழிந்தால் அரை வாளி வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கக் கார்ப்பெட்டும் பஞ்சும் கொட்டகைத் தகரத்தின் மேல் வெயிலில் கிடந்தன. வண்டித் தரைக்கு ஒரு டேபிள் ஃபேன் ஓடியது. சாயங்காலம் அவனே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை உதயா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் ஏறினார். ஏசியை முழுசாக வைத்து, சாத்தம் தீவு வரை போய் எல்லா வளைவிலும் திரும்பி, ஓட்டல் வாசலில் அரை மணி நேரம் நிறுத்தினேன். அவர் வெறுங்காலால் கார்ப்பெட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“டீக் ஹை, சரியாயிடுச்சு அலமு. லிஸ்ட்ல இருங்க.”

செருப்பைக் கையில் பிடித்தபடியே இறங்கியவர் சட்டென்று காலைத் தூக்கினார். வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் அவர் பாதம் வரை ஓடி வந்திருந்தது.

“இங்க என்ன ஈரம்?”

“அது அங்கதான் இருக்கணும், மேடம்” என்றேன்.