‘முன்’ படத்துக்கு ஓர் ஆள்

“எனக்குப் பெரிய சைஸ் கோட்டு வேணும்ண்ணே.”

சொல்லியே விட்டாள். இந்த எடைக்குறைப்பு நிலையத்தில் வேலைக்குச் சேரும் அன்றே ஒரு பாடம் சொல்லித்தருவார்கள்: லீவு கேள், முன்பணம் கேள், முடிந்தால் மேடம் உட்காரும் நாற்காலியைக்கூடக் கேள், பெரிய சைஸ் மட்டும் கேட்காதே. ஊரார் உடம்பை இளைக்க வைக்கிற இடத்தில் வேலை செய்பவளே பெருத்தால், தீயணைப்பு நிலையம் பற்றி எரிகிற மாதிரி ஆகிவிடுமாம்.

ஸ்டோர் அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. முதலில் கதவைப் பார்த்தார்.

“மெதுவா பேசும்மா. மேடம் காதுல விழுந்துடப் போவுது.”

“விழட்டும்னுதான் சொல்றேன்.”

“இங்க ‘எம்’ சைஸுக்கு மேல தைக்கறதே இல்லை டயட்டு. போன வருஷம் ஒருத்தி ‘எல்’ கேட்டா. அடுத்த மாசம் எல்லும் வரல, அவளும் வரல.”

“பட்டனைப் போட்டா மூச்சு நிக்குது. மூச்சு விட்டா பட்டன் தெறிக்குது. ரெண்டுல எதை நிறுத்தட்டும், நீங்களே சொல்லுங்க.”

அண்ணன் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு துணிக்கட்டை அடுக்கப் போய்விட்டார்.

டயட்டு என்பது அங்கே அவள் பெயர். உணவு ஆலோசகர் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மூட்டை தூக்கியே முதுகு வளைந்த அப்பா, ஊட்டச்சத்துப் படிப்பு என்றதும், “திங்கறதைப் பத்திப் படிக்கக்கூடக் காலேஜா?” என்று கேட்டவர். பிறகு அதே படிப்பின் பெயரை வாயில் நுழையாமலே தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர். அந்தப் படிப்பைக் கொண்டுவந்து அவள் இங்கே செய்த வேலை, இளைக்க வைக்கும் பவுடர் டப்பாவை விற்றது. வெள்ளைக் கோட்டின் முதுகில் நிலையத்தின் மந்திரம் அச்சாகியிருக்கும்: ‘ஆறே வாரத்தில் பழைய நீங்கள்!’ முன்பக்கம் பட்டன் மூடாத நாளில்தான் முதுகில் எழுதியது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிகிறது.

குழந்தைக்கு ஐந்து மாதம். கர்ப்பத்தில் பதினாலு கிலோ ஏறியது. பிரசவத்தோடு ஆறு இறங்கியது. அடுத்த இரண்டு வாரத்தில், ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டி, கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே இன்னும் இரண்டு. அதன்பின் உடம்பு, கூப்பிட்டால் வராத மாடு மாதிரி, தன் போக்கில் அசைந்தது. நான்கு கிலோ இன்னும் போகவில்லை. போதாததற்குப் பால் கட்டிய மார்பு வேறு. தராசு என்ன சொன்னாலும் கோட்டு கேட்பதாக இல்லை. இதெல்லாம் இயல்புதான் என்று படித்தவளுக்குத் தெரியும். வேலைக்குத் திரும்பி நாலு நாளாக அது இயல்பில்லை என்று சிரித்துக்கொண்டே விற்றுக்கொண்டிருந்தாள்.

“கோபத்தை வீட்டுலயே வச்சிட்டுப் போ” என்று காலையில் கணவன் சொல்லியிருந்தான். அவன் வேலை போய் இரண்டு மாதம். வீடு ஓடுவது இவள் வேலையில்தான். அதனால் கோபத்தை வைத்துவிட்டுத்தான் வந்தாள். அது எப்படியோ பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது.

மேடம் கூப்பிட்டாள். இவள் மாடி ஏறும் முன்பே கோட்டுச் செய்தி ஏறியிருந்தது.

“பெரிய சைஸ் கேட்டியாமே?”

“ஆமா மேடம்.”

அடி விழும் என்று காத்திருந்தவளுக்குப் புன்னகை விழுந்தது. அடியைவிட அது மோசம்.

“நல்லதாப் போச்சு. அப்படியே இரு. இப்போதைக்கு இளைச்சிடாதே.”

மேடத்தின் பின்னால் சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ‘முன்’ என்று ஒருத்தி அழுதுவிடுகிற மாதிரி நிற்பாள். ‘பின்’ என்று அவளே லாட்டரி விழுந்த மாதிரி சிரிப்பாள். இளைத்ததும் எல்லாருக்கும் தலைமுடி வேறு அடர்த்தியாகிவிடும்.

“பிள்ளை பெத்தவங்களுக்குப் புதுசா ஒரு பேக்கேஜ் கொண்டுவர்றோம். போஸ்டர்ல நம்ம ஸ்டாஃபே நின்னா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். நீ நில்லு. போட்டோக்காரர் கீழே லைட்டு போட்டுட்டு இருக்கார்.”

“முன்னுக்கு நான் நிக்கறேன். பின்னுக்கு யாரு நிப்பா?”

மேடம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த அடையாள அட்டைப் படம். ஒல்லிக்குச்சியாய், பல்லில் கம்பி கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

“மேடம், இது கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது.”

“அதனால என்ன? நீதானே?”

மேடம் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எப்படியும் இப்படி ஆகத்தான் போறே. கொஞ்சம் முன்கூட்டியே போடறோம், அவ்வளவுதான். போஸ்டர் வந்ததும் உன்னை சீனியர் ஆக்கிடறேன். வேண்டாம்னா…” மேடத்தின் கண் அந்தத் திறந்த பட்டனில் நின்றது. “இந்த உடம்போட கஸ்டமர் எதிர்ல உட்கார வைக்க முடியாது. உனக்கே தெரியும்.”

தெரியும். வேலை இருக்கும், அல்லது வேலை இருக்காது. நடுவில் ஒரு படம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, கீழே இறங்கினாள்.

விளக்குகள் தயாராகவில்லை. அதற்குள் ஆலோசனை அறையில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஆளில்லாததால் இவளே போனாள். ஒருத்தி பிள்ளை பெற்ற இளம்பெண். இன்னொருத்தி, அவளுக்கும் சேர்த்து மூச்சு விடுகிற நாத்தனார்.

“பிள்ளை பொறந்து ஏழு வாரம் ஆகுது. வயித்தைப் பாருங்க, உள்ளே இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கிற மாதிரி” என்றாள் நாத்தனார். “என் தம்பி அடுத்த மாசம் கப்பல்லேர்ந்து வர்றான். அடையாளம் தெரியாம வேற வீட்டுக்குப் போயிடுவான் போல.”

இளம்பெண் முந்தானையை இழுத்துவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், உடைக்கு மேலேயே இடுப்புப்பட்டை புடைத்துத் தெரிந்தது. ரவிக்கையில் பால் நனைந்த தடம் இல்லை.

“பால் குடுக்கறீங்களா?”

“குடுக்கறா” என்றாள் நாத்தனார்.

“அவங்களே சொல்லட்டும்க்கா.”

“குடுக்கறேன். நாலஞ்சு நாளா அவனுக்குப் பத்தல போல. அழுதுட்டே இருக்கான். உங்க விளம்பரத்தைப் பார்த்து மதியம் ஒரு வேளை மட்டும்தான் சாப்பிடறேன்.” நிறுத்திவிட்டு, பயந்து பயந்து கேட்டாள். “உங்களுக்கும் குழந்தை இருக்காமே, ரிசப்ஷன்ல சொன்னாங்க. உங்களுக்கு எத்தனை வாரத்துல குறைஞ்சது?”

இந்தக் கேள்விக்கு நிலையத்தில் மனப்பாடப் பதில் உண்டு. ‘ஆறே வாரம்மா, இந்தப் பவுடர்தான்.’ வாய் திறந்தாள். நாத்தனார் பார்வை அவள் கோட்டில் இருந்தது.

“குறையலை” என்றாள். “அஞ்சு மாசம் ஆச்சு. நாலு கிலோ இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

மேசை மேலிருந்த பவுடர் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“பிரசவத்தன்னிக்கே பிள்ளை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீருன்னு அஞ்சாறு கிலோ போயிடும். அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் உடம்புல தேங்கின நீர் வேர்வையாவும் சிறுநீராவும் போகும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே கிட்டத்தட்ட ஆறு வாரம் பிடிக்கும். அந்த ஆறு வாரத்தைத்தான் திருடி நாங்க கோட்டு முதுகுல எழுதி வச்சிருக்கோம். மிச்சம் மெல்லத்தான் போகும். ஆறு மாசம் ஆகலாம், வருஷமும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் தங்கியே போயிடும்.”

“பால் குடுத்தா தானா இளைக்கும்னு சொல்றாங்களே” என்றாள் இளம்பெண்.

“சிலருக்கு இளைக்கும். எனக்குப் பசிதான் எடுத்துச்சு. பால் சுரக்கவே உடம்புக்குக் கூடுதலா சாப்பாடு வேணும். நீங்க பட்டினி கிடந்தா முதல்ல நீங்க வாடுவீங்க, அப்புறம் பாலும் குறையலாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. மெதுவா நடங்க. டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்னப்புறம் உடற்பயிற்சி. அந்தப் பெல்ட்டு முதுகுக்குக் கொஞ்சம் தாங்கலா இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. இன்னைக்கே பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் எடை பாருங்க. பால் பத்துதா இல்லையான்னு அவங்க சொல்வாங்க. தராசுல ஏற வேண்டியது இப்போ அவன்தான்.”

“அப்ப வெளியில அவ்வளவு பெரிய போர்டு?” என்றாள் நாத்தனார்.

“போர்டு எழுதினவருக்குப் பிரசவம் ஆகலைக்கா.”

நாத்தனார் முறைத்தாள். முறைப்பு பாதி வழியில் களைத்துவிட்டது. “எனக்குப் பெரியவ பொறந்து ரெண்டு வருஷம் ஆச்சு பழைய ஜாக்கெட்டு ஏற” என்று ஜன்னலிடம் சொன்னாள். “யாரும் கேக்கல, அதனால சொல்லல.”

இளம்பெண் உடைக்குள் கைவிட்டாள். பட்டை பிரியும் சத்தம் சர்ரென்று கேட்டது. பிறகு அவள் விட்ட மூச்சு, ஏழு வாரமாக அடைத்து வைத்திருந்த மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இவளுக்குப் படத்துக்கு நிற்கிற விஷயம் முடிந்துபோனது. பயம் இருந்தது, யோசனைதான் இல்லை.

அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடாமல் போனார்கள்.

போட்டோக்காரர் அழைத்தார். நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் அந்த அறைக்குள் நுழைந்தாள்.

“இங்க வாங்கம்மா. வயித்தைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க. முகத்துல சோகம் வேணும். யாரையாவது பறிகொடுத்த மாதிரி.” கையிலிருந்த அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “ஏம்மா, ‘பின்’ படத்துல பல்லு கோணையா கம்பியோட இருக்கு. இப்போ வரிசையா இருக்கே. இளைச்சா பல்லும் கோணிக்குமா?”

“அதை எடிட் பண்ணிக்கலாம்” என்றபடி மேடம் உள்ளே வந்தாள். புன்னகை மாடியிலேயே தங்கிவிட்டது. “வந்த கஸ்டமர் ஏன் எழுந்து போனாங்க?”

“நான்தான் போகச் சொன்னேன்.”

“என்ன சொல்லி?”

“நான் படிச்சதைச் சொல்லி.”

“உன் படிப்புக்கு இங்க யாரும் சம்பளம் குடுக்கலை.”

“அதான் தெரிஞ்சுபோச்சு மேடம்.”

மேடம் மூச்சை இழுத்துப் பிடித்து, ஏலத்தில் கடைசி விலை சொல்கிறவள் மாதிரி குரலைத் தணித்தாள். “சரி, விடு. அந்தக் கஸ்டமரை நான் மறந்துடறேன். ஒரு படத்துக்கு நில்லு. வேலை உனக்கு இருக்கும். வீட்டு நிலைமையை யோசி.”

வீட்டு நிலைமை அவளுக்கு மேடத்தைவிட நன்றாகத் தெரியும். வாடகை, வேலை தேடும் புருஷன், எல்லாம் கண் முன்னால் வரிசையில் வந்து நின்றன. நிற்கட்டும் என்று விட்டாள்.

“அந்தப் படத்தைப் பார்த்துட்டு எவளோ ஒருத்தி பட்டினி கிடப்பா. அவ பிள்ளைக்கு யாரு பால் குடுக்கறது, நீங்களா?”

“வாயை அளந்து பேசு.”

“இங்க எல்லாத்தையும்தான் அளந்தாச்சே. இன்னொண்ணு. என் பழைய படத்தை எங்கயும் ஒட்டக்கூடாது. ஒட்டினா அந்தப் போஸ்டர் பக்கத்துலயே தினமும் வந்து நிப்பேன், இதே உடம்போட. போறவங்க வர்றவங்க முன்னும் பின்னும் பார்த்துக்கட்டும்.”

போட்டோக்காரர் விளக்கை அணைத்தார். யார் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. மின்சாரம் வீணாகக் கூடாது என்பதாகவும் இருக்கலாம்.

மேடம் பின்னாலிருந்து என்னவோ சொன்னாள்; சம்பளப் பாக்கி, அனுபவச் சான்றிதழ், நன்றி கெட்டவள் என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை. பால் கொடுக்கும் நேரம் தாண்டி மார்பு கனத்து வலித்தது. ரிசப்ஷனைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.