ரெண்டாவது செக்

ராக்கையா அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறியிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி கட்டையாச்சே!

பழனிசெட்டிபட்டியில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அண்ணன் தேனியில் மொத்த வியாபாரி. அவரிடம் கடனுக்கு எடுத்தால் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூட. தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் ரொக்க விலைக்குக் கடைக்கே கொண்டுவந்து தருகிறார் என்றதும், அவரிடம் ஒரு லோடு இறக்கிவிட்டேன். அப்புறம்தான் செக் ஞாபகம் வந்தது. கடன் ஆரம்பித்தபோது, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கை அண்ணன் என்னிடம் வாங்கி வைத்திருந்தார்.

மறுநாளே அவர் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இனிமே ரொக்கத்துக்கே ஓட்டிக்கலாம்னு இருக்கேன். இத்தன வருசம் கைகுடுத்தீக, மறக்க மாட்டேன்."

அண்ணன் கணக்கு நோட்டை எடுத்தார். உடைந்துபோய் நான் திருப்பி அனுப்பிய எண்ணெய் பாக்கெட்டுகளைக் கழித்துவிட்டு, பாக்கியைச் சொன்னார். அங்கேயே போனில் அனுப்பினேன். என் பேங்க் கணக்கில் பஸ் காசுதான் மிஞ்சியது.

"அந்தச் செக்கு ரெண்டையும் குடுத்துருங்கண்ணே."

அண்ணன் முகம் வெளுத்தது.

"தாயி, ஒண்ண இப்பத்தான் திலீபன்ட்ட குடுத்து பேங்க்ல போடச் சொன்னேன். உன் கடை வாசல்ல வேற வேன் நின்னுச்சுன்னு சொன்னாக. பாக்கிய முழுங்கிட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

திலீபன் அவர் கடைக் கணக்கர். அடப்பாவி மனுசா! கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் அபராதம், கேஸ், கோர்ட்டு. அண்ணன் போன் போட்டார். திலீபன் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

"வண்டியில ஏறு தாயி!"

வழியெல்லாம் கௌமாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

பேங்கில் திலீபன் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒரே ஒருவர்.

"ஏலே, போடாத!" அண்ணன் போட்ட சத்தத்தில் பேங்கே திரும்பியது.

செக்கை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துக்கு மேலே அண்ணன் எழுத்தில் பாக்கித் தொகை முழுசும். சுக்குச் சுக்காகக் கிழித்தேன்.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லப் பயமா இருந்துச்சுண்ணே."

"எனக்கும்தான்" என்று வண்டியை நோக்கி நடந்தார்.

"அண்ணே, ரெண்டாவது செக்கு?"

நின்றார். சட்டைப் பையிலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அதிலும் அதே தொகை எழுதியிருந்தது.

அதையும் கிழித்தேன். ஒரே பாக்கிக்கு இரண்டு செக்கா!

"பாக்கி இல்லைன்னு எழுதி, சீல் போட்டுக் குடுத்துருங்கண்ணே."

"நாளைக்கு வாங்கிக்கயேன், தாயி."

"இன்னைக்கே குடுங்க. இருந்து வாங்கிட்டே போறேன்."

வண்டியில் ஏறவில்லை. அவர் கடை வரைக்கும் நடந்தே வந்தேன்.