கங்கம்மாள் சொன்னதும் குறிப்பில் இருந்ததும்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, காக்களூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி மாடியறையில் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் மேனேஜர் அன்புசெல்வன். அவருக்கு வலப்பக்கம் லேப்டாப்போடு, மென்பொருள் எழுதும் குணாளன். ஜன்னலோரம் மெக்கானிக் ஆதிகேசவன்; கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கத்து வீடுகளெல்லாம் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் பிரிவைப் பார்க்கும் வினோதாவாகிய நான் கதவோரம்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் செய்கிறோம். புகார் போன்களை ஆறு மாதமாக ஆள் போலப் பேசும் மென்பொருளான ஒரு பாட்தான் எடுக்கிறது. பேச்சு முடிந்ததும் அதுவே மூன்று வரிக் குறிப்பு எழுதி வாடிக்கையாளர் பதிவில் சேர்த்துவிடும்: புகார் என்ன, என்ன சொல்லித் தந்தோம், முடிவு என்ன. முடிவுக்கு இரண்டே சொல்தான் வைத்திருந்தோம். ‘தீர்ந்தது’ அல்லது ‘ஆள் போக வேண்டும்’.

அந்தப் படிவத்தை வகுத்தவள் நான். முதலில் நான்காவதாக ஒரு வரியும் இருந்தது: வாடிக்கையாளர் தம் வாயால் சொன்னது. ஆதிகேசவன்தான் வேண்டாம் என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் படிக்கிற ஆளுக்குக் கதை எதற்கு என்று கேட்டார். நியாயமாகப் பட்டது, அந்த வரியை அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலும் மாலையிலும் பழவேற்காட்டிலிருந்து கங்கம்மாள் போன் செய்திருந்தார். கணவர் மாரியப்பனுக்கான மெஷினில், ஆக்சிஜன் குறைவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டச் சொன்னது பாட். இரண்டு முறையும், மெஷின் சரியாயிற்றா என்று தெரியும் முன்பே லைன் அறுந்துவிட்டது. எல்லாப் படியும் சொல்லி முடித்து, ஆள் வேண்டுமென்று அவர் கேட்காவிட்டால் ‘தீர்ந்தது’ என்று எழுது என்பது நாங்கள் அதற்குத் தந்திருந்த விதி. அப்படியே இரண்டு முறை எழுதிவிட்டது. சனிக்கிழமை ஆதிகேசவன் அந்தப் பக்கம் கவரைப்பேட்டை வரை போய், பதிவைத் திறந்து, இரண்டு ‘தீர்ந்தது’வைப் பார்த்து, வேறு வீட்டுக்குப் போனார். ஞாயிறு விடியலில் மாரியப்பன் இறந்துபோனார்.

மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்று காலை கங்கம்மாள் என்னிடம் பேசினார். அழவில்லை.

“எனக்கு ஒய்ங்கா சொல்லத் தெரியலமா. படிச்சவ யாராச்சும் போன் பண்ணியிருந்தா அந்த மனுஷன் இருந்திருப்பாரு.”

அதை அப்படியே அறையில் சொன்னேன். குணாளன் லேப்டாப்பில் புதுப் படிவத்தை எழுதினான். மூன்றாவதாக ‘தெரியவில்லை’ என்றொரு முடிவு. இப்போது மெஷின் ஓடுகிறது என்று வாடிக்கையாளரே சொன்னால் மட்டும் ‘தீர்ந்தது’. அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே ஒரு வரி. இரண்டாம் முறை அதே புகார் வந்தால் அன்றே ஆள். சரிபார்க்க, வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சின் எழுத்து வடிவத்தையே அதற்குள் போட்டான். சில நொடியில் குறிப்பு வந்தது.

‘புகார்: மஞ்சள் விளக்கு, இரண்டாம் முறை. சொல்லித் தந்தது: ஃபில்டர் கழுவுதல். முடிவு: தெரியவில்லை, லைன் அறுந்தது. அடுத்து: இன்றே ஆள் போக வேண்டும். அவர் சொன்னது: காலைலயே கய்வி மாட்டிட்டேன் நைனா, வௌக்கு அப்டியேதான் கீது. படுத்தா முடியலன்னு ராவெல்லாம் குந்திக்கினே கீறாரு.’

ஆதிகேசவன் எழுந்து வந்து, குணாளனின் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.

“இத்தப் பார்த்திருந்தா நான் ஓடியிருப்பேன்பா,” என்றார். “நான்தானே வேணாம்னேன்.”

“அடிச்சது நான்ண்ணா,” என்றேன்.

மேனேஜர் என்னிடம், அந்த அம்மாவுக்கு அனுதாபக் கடிதம் ஒன்று எழுதிவிடு, குறிப்பைப் பற்றி எதுவும் வேண்டாம், பின்னால் பேஜாராகிவிடும் என்றார். அந்த அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்கட்டுமா சார் என்று கேட்டேன். அவர் கீழே இறங்கிப்போனார்.

கையால்தான் எழுதினேன்.

‘மதிப்பிற்குரிய கங்கம்மாள் அம்மா அவர்களுக்கு. நீங்கள் பேசியதை இன்றுதான் முழுதாகப் பார்த்தோம். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னீர்கள். இரண்டு முறை சொன்னீர்கள். அதை எழுதிவைக்க நாங்கள் இடம் வைக்கவில்லை. இடத்தை எடுத்தது நான். தவறு எங்களுடையது. உங்கள் பேச்சில் குறை எதுவும் இல்லை.’

கீழே கையெழுத்திட்டேன். புதுக் குறிப்பின் அச்சுப் பிரதியையும் சேர்த்து மடித்தேன். ரிஜிஸ்டர் தபாலில் போடலாமென்று முகவரி எழுதும்போது, அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே என்றார் ஆதிகேசவன். மெஷின் எடுக்க எப்படியும் அவர்தான் போக வேண்டும்.

“குடுமா. நானே படிச்சுக் காட்றேன்.”

“திட்டுவாங்கண்ணா.”

“திட்டட்டும்.”

உறையை ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்து அவரிடம் கொடுத்தேன். சட்டையின் உள்பையில் வைத்து, பொன்னேரி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.