ஒட்டிய கற்கள்

"அண்ணி, ஒங்க லெஹங்காவ எடுத்துட்டு என் கோட்ட குடுங்க."

அண்ணன் பெண்டாட்டியிடம் எதையும் வாய்விட்டுக் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா கஜலட்சுமியைப் பன்விலவிலிருந்து கண்டிக்கு அனுப்பினாள். கேட்டுவிட்டாள். அதுவும் லோண்டரியில், ஆட்கள் பார்க்க.

கடைக்கார ஷாமில் இன்றைய டிரை கிளீனிங்குக்கு இன்னும் ஒன்றுதான் எடுக்கலாம் என்றிருந்தார். நாளை ஞாயிறு, கடை பூட்டு. திங்கள் காலை கஜலட்சுமிக்கு வங்கியில் நேர்முகப் பரீட்சை. அவளுடைய ஒரே பிளேசரின் காலரில் பஸ்ஸில் யாரோ வைத்த வடை எண்ணெய்.

"ஞாயித்துக்கெழம என் தங்கச்சி ரிசெப்ஷன்," என்றாள் நிரோஷினி. "கோட்டுதானே, வீட்ல சோப்பு போட்டு அலசிரு. பட்டம் வாங்குனவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"தண்ணில போடாதீங்க தங்கச்சி," என்றார் ஷாமில் கஜலட்சுமியிடம். "உள்ளுக்கு ஒட்டியிருக்கிற துணி சுருங்கும். முன்பக்கம் கொப்புளம் கொப்புளமா எழும்பும். பொறகு அயர்ன் பண்ணினாலும் சரிவராது."

"அப்ப சேலையக் கட்டிட்டுப் போகட்டும்," என்றாள் அண்ணி.

கஜலட்சுமி லெஹங்காவைப் பார்த்தாள். கெம்பஸில் நான்கு வருஷமும் இரண்டு சுரிதாரைத் துவைத்துத் துவைத்துப் போட்டவள் அவள். "இப்ப கையில ஒன்னும் இல்லம்மா," என்று அண்ணன் சதீஸ்குமார் சொன்ன அதே மாதம்தான் இது வந்தது. இதைத் தொட்டுப் பார்க்கக்கூட அண்ணி விட்டதில்லை.

ஷாமில் பாவாடையைப் புரட்டினார். பின்பக்கம் முழுக்க லைனிங்; தையல் இருக்கிறதா என்று தெரியவில்லை. "மிஸ், இந்தக் கல்லு தச்சதா, ஒட்டினதா? ஒட்டினதுன்டா நான் மெசின்ல போடமாட்டேன். மருந்து பட்டா பசை கரைஞ்சி எல்லாம் உதிரும். ஈரத்துணியால அழுக்க மட்டும் தொடச்சி உடுத்துறதுதான் நல்லம்."

"ஒட்டினதா?" நிரோஷினிக்குச் சிரிப்பு வந்தது. "ஒவ்வொரு கல்லும் கையால தச்சது. இந்தா, வாங்கும்போது இவதான் கூடப் போனா. இவகிட்டயே கேளுங்க."

போனவள்தான். திகன டவுன் கடையில் கையால் தைத்ததை அண்ணன் விலை கேட்டு வைத்துவிட்டு, பசையில் ஒட்டியதை எடுத்தான். "அண்ணிகிட்ட சொல்லிறாத கஜா, தச்சதுன்னு சொல்லிருக்கேன்." அவளும் இத்தனை நாள் சொல்லவில்லை.

இப்போது சொன்னால் அந்த ஒரு இடம் பிளேசருக்குத்தான். லெஹங்காவும் பிழைக்கும். சொல்ல வாயெடுத்தும் விட்டாள். அதற்குள் நிரோஷினி பிளேசரை இரண்டு விரலால் தூக்கி, மேசையில் ஒதுக்கிப் போட்டாள்.

"என்ன பாக்குற, சொல்லு," என்றாள். "இந்த மாதிரி ஒன்ன நீ வேற எங்க பாத்திருக்கப் போற."

"தச்சதுதான்," என்றாள் கஜலட்சுமி. "நாந்தான் பாத்தேனே. தாராளமா மெசின்ல போடுங்க ஷாமில் நானா."

பிளேசரை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். அதை நனைக்கப் போவதில்லை. திங்களன்று கோட்டு இல்லாமலே போவாள்.

ஷாமில் லெஹங்காவை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். கஜலட்சுமி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே இறங்கினாள்.